கெடு தாண்டிய வேலைக்கு நிறமா, குறியா? எக்செல், கூகுள் ஷீட்ஸ் அட்டவணையில் எதைத் தேர்ந்தெடுப்பது

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலைகளில் சீசனுக்கு முந்தைய வாரங்களில் ஆபீசில் ஒரு பட்டியல் ஓடும். பாய்லர் ஆய்வு, தராசுக்கு முத்திரை, அசெப்டிக் பை ஆர்டர், தண்ணீர் பரிசோதனை அறிக்கை, உரிமம் புதுப்பிப்பு என்று எல்லாவற்றுக்கும் ஒரு கெடு தேதி உண்டு. பெங்களூரா காய் லாரி லாரியாக வந்து இறங்க ஆரம்பித்துவிட்டால் அப்புறம் எதையும் பார்க்க நேரம் கிடையாது. அதனால் எந்த வேலை கெடு தாண்டிவிட்டது என்று அட்டவணையைத் திறந்ததும் கண்ணில் பட வேண்டும். இதற்கு கண்டிஷனல் ஃபார்மேட்டிங்தான் வழி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதற்குள் எந்த வழி என்பதில்தான் குழப்பம்.

மூன்று வழிகள் இருக்கின்றன. கெடு தாண்டிய வரி முழுவதையும் நிறத்தால் காட்டுவது ஒன்று. எக்செல் தரும் ஐகான் செட்டைப் போடுவது இரண்டாவது. தனியாக ஒரு காலம், அதாவது column, ஒதுக்கி அதில் ▲, ● போன்ற குறியை ஃபார்முலா மூலமாகவே வரவைத்து, அதற்கு நிறமும் சேர்ப்பது மூன்றாவது. பட்டியலை யார், எந்தக் கருவியில், எந்த வடிவில் பார்க்கிறார்கள் என்பதை வைத்துத்தான் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியும்.

மெனுவிலேயே தயாராக இருக்கும் A Date Occurring என்ற விதியை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அதில் நேற்று, இன்று, கடந்த 7 நாள், போன வாரம், போன மாதம் என்றெல்லாம் இருக்கிறது. ‘கெடு தாண்டியது’ என்று மட்டும் இல்லை. போன மாதம் என்று வைத்தால் அதற்கு முந்தைய மாதத்தில் நின்றுபோன வேலை நிறமே இல்லாமல் நிற்கும். ரொம்ப நாளாகக் கிடப்பில் கிடப்பதுதான் முதலில் தெரிய வேண்டும், அது தெரியாமல் போனால் என்ன பயன்?

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சின்ன அட்டவணையை வைத்துக்கொள்வோம். A காலத்தில் வேலை, B-யில் பொறுப்பாளர், C-யில் கெடு தேதி, D-யில் முடித்த தேதி. இன்று 12-05-2025 என்று கொள்வோம். தராசு முத்திரைக்குக் கெடு 02-04-2025, பாய்லர் ஆய்வுக்கு 05-05-2025, அசெப்டிக் பை ஆர்டருக்கு 14-05-2025, உரிமம் புதுப்பிப்புக்கு 30-05-2025. தண்ணீர் அறிக்கைக்குக் கெடு 10-05-2025, அது 09-ஆம் தேதியே வந்துவிட்டது.

‘நிலை’ என்று ஒரு காலம் வைக்காமல் முடித்த தேதி என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. நிலை என்று வைத்தால் ஒருவர் ‘முடிந்தது’ என்று எழுதுவார், இன்னொருவர் ‘முடிஞ்சது’ என்பார், ஸ்டோர்காரர் ‘ஆச்சு’ என்பார், யாரோ ஒருவர் கடைசியில் ஒரு ஸ்பேஸ் தட்டிவிட்டிருப்பார். ஃபார்முலாவுக்கு இவை நான்கும் வேறு வேறு. தேதி காலம் என்றால் ஒரே கேள்விதான்: காலியா, காலி இல்லையா? என்றைக்கு முடிந்தது என்ற பதிவும் கூடவே கிடைத்துவிடுகிறது.

முதல் வழி, வரி முழுவதும் நிறம். A2 முதல் D காலத்தின் கடைசி வரி வரை தேர்ந்தெடுத்து, Conditional Formatting > New Rule > Use a formula to determine which cells to format என்று போய் இதைக் கொடுக்க வேண்டும்:

```
=AND($C2<>"",$C2<TODAY(),$D2="")
```

கெடு தேதி எழுதியிருக்கிறது, அது இன்றைக்கு முந்தையது, முடித்த தேதி காலி. மூன்றும் ஒத்துப்போனால் சிவப்பு. C, D எழுத்துகளுக்கு முன்னால் இருக்கும் டாலர் குறிதான் வரி முழுவதும் நிறம் படரக் காரணம். அதை விட்டுவிட்டால் B காலத்துச் செல் D-யைப் பார்க்கும், C காலத்துச் செல் E-யைப் பார்க்கும், நிறம் ஆங்காங்கே தெறித்தாற்போல் விழும். `$C2<>""` என்பதை வீண் என்று நினைத்து எடுத்துவிடக் கூடாது. எக்செல் காலிச் செல்லை 0 என்று எடுத்துக்கொள்ளும், 0 என்பது எந்தத் தேதியைவிடவும் சிறியது. எனவே கீழே காலியாகக் கிடக்கும் வரிகள் எல்லாம் சிவந்துவிடும்.

நிறம் சரியாக ஒரு வரி மேலே விழுகிறது என்றால், விதி A1-லிருந்து தொடங்கியிருக்கிறது, ஃபார்முலா மட்டும் 2-ஆம் வரியில் தொடங்குகிறது என்று அர்த்தம். தலைப்பு வரியைத் தேர்வில் சேர்க்காமல் இருந்தால் போதும்.

இந்த வழியின் பெரிய பலம், பார்த்ததும் புரிவது. எக்செலிலும் கூகுள் ஷீட்ஸிலும் இதே ஃபார்முலா அப்படியே ஓடும். ஷீட்ஸில் Format > Conditional formatting போய் Custom formula is என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒரு பலவீனம் இருக்கிறது, அது சத்தமே போடாது. நம் ஊரில் பலரும் தேதியைப் புள்ளி வைத்து 05.05.2025 என்று எழுதுவார்கள். இந்திய முறைக்கு அமைத்த கணினியில் எக்செல் அதைத் தேதியாக ஏற்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். எக்செலின் கணக்கில் எழுத்து எப்போதும் எண்ணைவிடப் பெரியது. அதனால் `$C2<TODAY()` என்பது அந்த வரிக்கு ஒருநாளும் உண்மையாகாது. பாய்லர் ஆய்வு ஒரு வாரமாகக் கெடு தாண்டிக் கிடக்கும், வரி வெள்ளையாகவே நிற்கும். ‘அட்டவணையில சிவப்பே இல்லையே சார்’ என்று மேற்பார்வையாளர் நிம்மதியாக இருப்பார்.

கண்ணால் கண்டுபிடிக்க ஒரு வழி: இடம், வலம் ஒதுக்காமல் விட்ட செல்லில் உண்மையான தேதி வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். சந்தேகமிருந்தால் பக்கத்தில் `=ISNUMBER(C2)` என்று போட்டுப் பாருங்கள், FALSE வந்தால் அது தேதி இல்லை. மொத்தமாகச் சரிசெய்ய C காலத்தைத் தேர்ந்தெடுத்து Data > Text to Columns போய், கடைசிப் படியில் Date: DMY என்று கொடுத்தால் எல்லாம் தேதியாகிவிடும்.

இரண்டாவது வழி ஐகான் செட். சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்கு வரிசையாக நிற்பதைப் பார்த்ததும் முதலாளிகளுக்குப் பிடித்துவிடும். ஆனால் கெடு தேதி காலத்தின் மேல் நேரடியாக ஐகான் செட்டைப் போட்டால் வேலை முடிந்ததா என்று அதற்குத் தெரியாது. ஐகான் விதிக்குள் பக்கத்து செல்லை வரிக்கு வரி பார்க்கும்படி எழுத எக்செல் அனுமதிப்பதில்லை. கலர் ஸ்கேல், டேட்டா பார், ஐகான் செட் விதிகளில் ரிலேட்டிவ் ரெஃபரன்ஸ் கூடாது என்று ஒரு பெட்டி வந்து தடுத்துவிடும். ஆகவே E காலத்தில் ‘மீதி நாள்’ என்று ஒன்று வேண்டும்:

```
=IF(OR(C2="",D2<>""),"",C2-TODAY())
```

கெடு எழுதாத வேலைக்கும் முடிந்த வேலைக்கும் இது காலியாக நிற்கும். மற்றவற்றுக்கு எத்தனை நாள் மீதி என்று சொல்லும், தாண்டியிருந்தால் கழித்தல் குறியோடு வரும். நம் அட்டவணையில் தராசு -40, பாய்லர் -7, பை ஆர்டர் 2, உரிமம் 18. தண்ணீர் அறிக்கை முடிந்துவிட்டதால் அங்கே ஒன்றும் இல்லை. சில நேரம் இந்தக் காலம் முழுக்க ######## என்று நிரம்பும். எக்செல் அந்தச் செல்லுக்குத் தேதி வடிவத்தைக் கொடுத்திருக்கிறது, கழித்தல் தேதி என்று ஒன்று இல்லாததால் காட்ட முடியாமல் திணறுகிறது. வடிவத்தை General என்று மாற்றினால் எண் வந்துவிடும்.

இப்போது E காலத்தைத் தேர்ந்தெடுத்து மெனுவிலிருந்து மூன்று விளக்கு ஐகானை அழுத்துங்கள். தராசுக்குச் சிவப்பு, பாய்லருக்கு மஞ்சள், பை ஆர்டருக்குப் பச்சை, உரிமத்துக்குப் பச்சை. ஏழு நாள் தாண்டிய பாய்லர் ஏன் மஞ்சள்? இரண்டே நாள் மீதியிருக்கும் பை ஆர்டர் ஏன் பச்சை?

ஐகான் செட் தானாக எடுத்துக்கொள்ளும் அளவு சதவீதம். மிகச் சிறிய எண் -40, மிகப் பெரியது 18, இடைவெளி 58. அதில் 33 சதவீதம் தாண்டினால் மஞ்சள், 67 சதவீதம் தாண்டினால் பச்சை. கணக்குப் போட்டால் மஞ்சள் சுமார் -21-இல் தொடங்குகிறது, பச்சை சுமார் -1-இல் தொடங்குகிறது. அதனால் -7 மஞ்சளில் விழுகிறது. வகுப்பில் ரேங்க் போடுவதைப் போல, ஒவ்வொரு வேலையும் மற்ற வேலைகளோடு ஒப்பிடப்படுகிறதே தவிர, இன்றைய தேதியோடு இல்லை.

இன்னும் வேடிக்கை, தராசு முத்திரை முடிந்தது என்று D-யில் தேதி போட்டுப் பாருங்கள். இப்போது மிகச் சிறியது -7, பெரியது 18. எல்லைகள் நகர்ந்து பாய்லர் சிவப்பாகிறது, பை ஆர்டர் மஞ்சளாகிறது. பாய்லர் வேலையில் யாரும் கை வைக்கவில்லை, ஆனால் யாரோ தராசை முடித்ததால் அதன் நிறம் மாறிவிட்டது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். எந்த வேலையும் கெடு தாண்டாத வாரத்திலும், இருப்பதில் மிகக் குறைந்த நாள் மீதியுள்ள வேலைக்குச் சிவப்பு விழுந்தே தீரும். ஐகான் செட்டைப் போட்டுவிட்டு ‘இதை நம்ப முடியவில்லை’ என்று கைவிட்டவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் கைவிட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மாற்று எளிது. Manage Rules > Edit Rule போய், Type என்று இருக்கும் இரண்டு இடத்திலும் Percent-ஐ Number ஆக்குங்கள். முதல் ஐகானுக்கு >= 4, இரண்டாவதற்கு >= 0. அதற்குக் கீழே போவதெல்லாம் சிவப்பு. அதாவது நான்கு நாளும் அதற்கு மேலும் மீதியிருந்தால் பச்சை, இன்று முதல் மூன்று நாளுக்குள் என்றால் மஞ்சள், தாண்டினால் சிவப்பு. இன்றைக்கே கெடு என்றால் மீதி 0, அது மஞ்சள். மாலைக்குள் முடிக்க வாய்ப்பிருக்கிறதே. பச்சை ஐகானுக்குப் பதில் No Cell Icon என்று வைப்பது என் பழக்கம். ஒழுங்காகப் போகும் வேலைக்குக் குறி எதற்கு? திரையில் இரண்டு மூன்று குறிகள் மட்டும் இருந்தால்தான் கண் அங்கே போகும்.

ஐகான் செட்டில் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று வடிவம். விளக்கு செட்டில் எல்லாமே வட்டம்தான், நிறம் மட்டும் வேறு. இந்தப் பட்டியலைக் கருப்பு வெள்ளை லேசர் பிரிண்டரில் எடுத்து பாய்லர் அறைக்கு வெளியே ஒட்டுகிற வழக்கம் இருந்தால், சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் வட்டம். சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியாத கண்ணுக்கும் அதே கதை. வட்டம், முக்கோணம், வைரம் என்று வடிவமே மாறுகிற செட்டையோ, டிக், ஆச்சரியக்குறி, பெருக்கல் குறி உள்ள செட்டையோ எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

சரி, எல்லாம் ஒழுங்காக அமைத்தாயிற்று. அந்தக் கோப்பை யாராவது கூகுள் ஷீட்ஸில் திறந்தால் என்ன ஆகும்? ஐகான் செட் என்ற வசதியே ஷீட்ஸில் கிடையாது. அங்கே கண்டிஷனல் ஃபார்மேட்டிங் என்றால் ஒரு நிறம் கொடுக்கும் விதி, நிறத்தைப் படிப்படியாகக் கூட்டும் விதி, இந்த இரண்டு மட்டும்தான். ஆபீசில் எக்செல் வைத்திருப்பவர் மூன்று குறிகளைப் பார்ப்பார், தோட்டத்தில் நின்று செல்போனில் ஷீட்ஸ் திறக்கும் கொள்முதல்காரருக்கு வெறும் எண்கள்தான் தெரியும். இரண்டு பேரும் ஒரே அட்டவணையைத்தான் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டு பேசுவார்கள்.

இங்கேதான் மூன்றாவது வழி வருகிறது. F காலத்தில் ‘குறி’ என்று வைத்து:

```
=IF(E2="","",IF(E2<0,"▲",IF(E2<=3,"●","")))
```

இது ஐகான் இல்லை, எழுத்து. எக்செல், ஷீட்ஸ், லிபர் ஆபீஸ் எதில் திறந்தாலும் வரும். பிரிண்டிலும் வரும், பிடிஎஃப்-பிலும் வரும், வாட்ஸ்அப்பில் நகலெடுத்து ஒட்டினாலும் கூடவே போகும். அப்புறம் வரிக்கு நிறம் கொடுக்க A2-லிருந்து F வரை தேர்ந்தெடுத்து இரண்டு விதி. சிவப்புக்கு:

```
=AND(ISNUMBER($E2),$E2<0)
```

மஞ்சளுக்கு:

```
=AND(ISNUMBER($E2),$E2>=0,$E2<=3)
```

ஐகான் செட்டின் அழகு இதற்கு இல்லை என்பது உண்மை. ▲ என்பது கருப்பாகத்தான் வரும், எழுத்து நிறத்தை விதிக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனாலும் பலர் கை வைக்கும் அட்டவணைக்கு நான் இதையே தேர்ந்தெடுப்பேன். காரணம் வெறும் ஷீட்ஸ் பிரச்சினை மட்டுமில்லை. முன்பு சொன்ன புள்ளி வைத்த தேதி நினைவிருக்கட்டும். முதல் வழியில் அது சத்தமில்லாமல் வெள்ளையாக நின்றது. மீதி நாள் காலம் இருந்தால் எழுத்திலிருந்து TODAY()-ஐக் கழிக்க முடியாமல் எக்செல் `#VALUE!` என்று கத்தும், குறி காலத்திலும் அதே வரும். தப்பான தேதியை அடித்தவர் அடித்த நொடியிலேயே பார்த்துவிடுவார். இதற்காக மட்டுமே மீதி நாள் காலம் வைக்கலாம்.

மீதி நாள் காலத்தில் மாட்டாத ஒரு தப்பும் உண்டு. விண்டோஸ் கணினி அமெரிக்க முறைக்கு அமைந்திருந்தால் ஜூன் 5 என்று நினைத்து 05/06/2025 அடிப்பது மே 6 ஆகிவிடும். மே 12 அன்று அந்த வேலை -6 என்று சிவந்து நிற்கும், கத்தவும் கத்தாது, ஏனென்றால் அது செல்லுபடியாகும் தேதி. 13/06/2025 போன்றவை மட்டும், பதின்மூன்றாவது மாதம் இல்லாததால், எழுத்தாக நின்று காட்டிக்கொடுக்கும். மாதத்தின் முதல் 12 தேதிகள் மட்டும் குழம்பினால் காரணம் இதுதான். கெடு தேதி காலத்துக்கு `dd-mmm-yyyy` என்று வடிவம் கொடுத்துவிட்டால் மாதம் Jun, May என்று எழுத்தில் தெரியும், அடித்தவரே கவனித்துவிடுவார். ஷீட்ஸில் இது கணினியைப் பொறுத்ததில்லை, கோப்பைப் பொறுத்தது: File > Settings போய் Locale-ஐ India என்று வையுங்கள். அதே இடத்தில் Time zone-உம் இருக்கிறது. அது அமெரிக்க நேரத்தில் இருந்தால் நமக்கு விடிந்து ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போதும் TODAY() நேற்றைய தேதியில்தான் நிற்கும்.

எண்ணிக்கை வேண்டுமென்றாலும் மீதி நாள் காலம் கைகொடுக்கும். சிவப்பு வரிகள் எத்தனை என்று நிறத்தை எண்ணச் சாதாரண ஃபார்முலா எதுவும் இல்லை. மாறாக மேலே ஒரு செல்லில்

```
=COUNTIF(E2:E60,"<0")
```

என்று வைத்தால் இன்று கெடு தாண்டியவை எத்தனை என்று தெரிந்துவிடும். நம் அட்டவணையில் 2. நிறத்தை வைத்து வடிகட்டுவது எக்செலிலும் ஷீட்ஸிலும் முடியும் என்றாலும், E காலத்தைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் அதிகம் தாண்டியது முதலில் வந்து நிற்கும், எனக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

எப்போது எதை எடுப்பது என்று கேட்டால்: ஒரே ஆள், ஒரே கணினி, எக்செல் மட்டும், திரையில் பார்ப்பதோடு சரி என்றால் மீதி நாள் காலத்தின் மேல் Number அளவு வைத்த ஐகான் செட் அழகாகவும் இருக்கும், போதுமானதாகவும் இருக்கும். பத்துப் பதினைந்து வரிகள், தேதியை ஒரே ஆள்தான் அடிக்கிறார் என்றால் கூடுதல் காலமே இல்லாத முதல் வழியே போதும். ஆபீசில் எக்செல், வெளியே செல்போனில் ஷீட்ஸ், சுவரில் பிரிண்ட் என்று பட்டியல் சுற்றி வருமானால் மூன்றாவது வழி. மாங்கூழ் ஆலை மாதிரி சீசன் தொழில்களில் பெரும்பாலும் கடைசிச் சூழல்தான்.

எந்த வழியானாலும் எக்செலில் மாதம் ஒருமுறை Conditional Formatting > Manage Rules போய், மேலே This Worksheet என்று மாற்றிப் பாருங்கள். வரிகளை வெட்டி ஒட்டும்போதும் வேறு தாளிலிருந்து நகலெடுக்கும்போதும் விதியும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு விதி வைத்த இடத்தில் இருபது நிற்கும், Applies to பெட்டியில் எல்லைகள் துண்டு துண்டாக உடைந்திருக்கும், நடுவே சில வரிகள் எந்த விதியிலும் சேராமல் விடுபட்டிருக்கும். கெடு தாண்டிய ஒரு வரி மட்டும் நிறமில்லாமல் இருந்து, அதன் மீதி நாளும் குறியும் சரியாக வந்திருந்தால், காரணம் இந்த உடைசல்தான். இரட்டிப்பானவற்றை அழித்துவிட்டு, மூன்றாவது வழி என்றால் மிச்சமுள்ள இரண்டின் எல்லையையும் `=$A$2:$F$60` என்று திரும்ப எழுதிவிடுங்கள். புதிதாக ஒட்டுகிறவர்களை Paste Special > Values கொடுத்து ஒட்டச் சொன்னால் அடுத்த மாதம் இந்த வேலை குறையும்.